எட்டு சரியாக இருக்குமா, ஒரு வருஷம் உழைக்குமா: வாங்கியவர் பதில் எழுதும் முறை

நடைப்பயிற்சிக்கு ஒரு ஷூ வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஷூ விற்கும் இணையப் பக்கத்தில் யாரோ கேட்டிருந்தார்கள்: "8 சரியா இருக்குமா? ஒரு வருஷம் உழைக்குமா?" வாங்கியவன் என்பதால் கேள்வி எனக்கும் வந்தது. "சரியான சைஸ், நல்லா உழைக்குது" என்று தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே பதிலுக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "நீங்க சொன்னதை வச்சு 8 வாங்கினேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு 8 சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் பாதம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லவே இல்லை. "சரியான சைஸ்" என்பதை அவர் தன் காலோடு பொருத்திப் படித்துக்கொண்டார். உழைப்பு பற்றிச் சொன்னது அதைவிட மோசம். மூன்று வாரத்தில் எந்த ஷூவும் நன்றாகத்தான் உழைக்கும்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எப்படிப் பதில் எழுதுகிறேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். அதே ஷூவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு தாள், ஒரு ஸ்கேல், பத்து நிமிடம் இருந்தால் போதும்.

பதில் சொல்ல நீங்கள் சரியான ஆளா

உட்காருவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, நீங்களே போட்டுப் பழகிய பொருளா? அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த ஷூ என்றால், அவரிடம் கேட்டு எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கேள்வி பல பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது, தன்னிடம் மட்டும் நேரில் கேட்டதாக நினைத்துக்கொண்டு "தெரியலீங்க, பரிசா கொடுத்துட்டேன்" என்று மரியாதையாகப் பதில் எழுதுகிறவர்கள் உண்டு. பண்பான மனிதர்கள்தான். ஆனாலும் தேடி வருகிறவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு, கேட்கிற பொருளும் உங்களிடம் இருக்கிற பொருளும் ஒன்றுதானா? இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரே பெயரில் ஷூ வருடத்துக்கு வருடம் மாறும். பெயருக்குப் பின்னால் 2, 3 என்று ஒரு எண் மட்டும் கூடியிருக்கும், பழைய பதில்களும் புதிய ஷூவும் ஒரே இடத்தில் கிடக்கும். ஷூவைத் தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் வடிவ அச்சை நிறுவனம் மாற்றியிருந்தால், அதே 8 வேறு மாதிரிப் பிடிக்கும். ஷூவின் நாக்கைத் தூக்கி உட்பக்கம் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண் இருக்கும், பல ஷூக்களில் தயாரித்த மாதமும் வருடமும்கூட இருக்கும். அந்த மாடல் எண்ணை விற்பனைப் படத்தோடும் விவரத்தோடும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் பதிலின் முதல் வரியிலேயே "என்னிடம் இருப்பது பழைய மாடல்" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று, எவ்வளவு காலம் பயன்படுத்தினீர்கள்? அளவு பற்றிய கேள்விக்கு இரண்டு வாரப் பழக்கமே போதும். உழைப்பு பற்றி இரண்டு வாரத்தில் சொல்ல ஒன்றும் கிடையாது. அப்போது அளவுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, "வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது, உழைப்பு பற்றி இப்போது சொல்ல முடியாது" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வதில் தப்பே இல்லை.

அளவு: 8 என்பது ஒரு அளவே அல்ல

முதலில் இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். யூ.கே. அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய அளவில் அது சுமார் 6.7 மி.மீ. இரண்டும் வேறு வேறு படிக்கட்டுகள், அதனால் ஒன்றின் படி இன்னொன்றின் படியோடு சரியாக உட்காராது. போதாததற்கு ஒரு நிறுவனம் யூ.கே. 8-க்கு நேராக 26.5 செ.மீ. என்று போடும், இன்னொன்று 27 என்று போடும். ஆகவே "8 சரியா இருக்கும்" என்று சொன்னால், கேட்டவர் மனதில் அரை சென்டிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடலாம். ஷூவில் அரை சென்டிமீட்டர் என்பது நகம் கறுக்கிற அளவு.

அதனால் உங்கள் பாதத்தின் நீளத்தைச் சொல்லுங்கள். எடுக்கும் முறை இது: சாயங்காலம் அளவெடுங்கள், பகல் முழுக்க நடந்து நின்று பாதம் சற்றே வீங்கியிருக்கும். தரையில் ஒரு தாளை வைத்து, தாளின் ஓரம் சுவரைத் தொடும்படி தள்ளுங்கள். குதிகால் சுவரில் படும்படி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளக்காதீர்கள், உடல் எடை இறங்கும்போது பாதம் சில மி.மீ. நீளும். எந்த விரல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதன் நுனியில் பென்சிலை நேராக நிறுத்திக் கோடு போடுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அவர்கள் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வேறொருவர் கோடு போட்டால் நல்லது, நீங்களே குனிந்தால் குதிகால் நகர்ந்துவிடும். அப்படியே பாதத்தின் அகலமான இடத்தில், அதாவது கட்டைவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் புடைத்திருக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் குறித்து அகலத்தையும் எடுங்கள். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். எனக்கு இடது 261 மி.மீ., வலது 265. அகலம் 102. பெரிய காலைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஷூவின் உள்பக்கம். இங்கேதான் ஏற்கெனவே வாங்கியவரிடம் கடைக்காரரிடம்கூட இல்லாத ஒரு தகவல் இருக்கிறது. உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தைத் தகடான இன்சோலைக் கழற்றி எடுங்கள். பல மாதம் மிதித்த இன்சோலில் விரல்களின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். கட்டைவிரல் தடத்தின் நுனியிலிருந்து இன்சோலின் முன் ஓரம் வரை அளங்கள். நடக்கும்போது உங்கள் விரலுக்கு முன்னால் உண்மையில் எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு அது கிட்டத்தட்ட சாட்சி. என் வலது இன்சோலின் மொத்த நீளம் 276 மி.மீ., தடத்துக்கு முன்னால் 11 மி.மீ. மிச்சம். நடைக்கு ஒரு கட்டைவிரல் அகலத்தில் பாதிக்கு மேல், சுமார் 10 முதல் 12 மி.மீ. வரை இடம் இருந்தால் நல்லது என்பார்கள். ஒவ்வொரு அடியிலும், அதுவும் இறக்கத்தில், பாதம் கொஞ்சம் முன்னால் சறுக்கும். அந்த இடம் இல்லாவிட்டால் விரல் முன்பக்கத்தில் முட்டிக்கொண்டே இருக்கும், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுக்கும். என்னை நம்பியவருக்கு நடந்தது அதுதான்.

இன்சோல் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தடிமனான அட்டையில் விரலகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, உள்ளே முன்பக்கம் முட்டும் வரை விட்டு, குதிகால் பக்கம் குறித்து எடுத்து அளந்துகொள்ளலாம்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: "போகப் போக லூஸ் ஆகுமா?" இதற்கு நீளத்தையும் மற்றதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வலைத்துணி ஷூ நீளத்தில் வளராது. தோல் ஷூகூட அகலத்தில் இளகுமே தவிர நீளத்தில் கூடாது. ஆனால் உள்ளே இருக்கிற மெத்தைத் துணியும் இன்சோலும் மிதிபட்டு அமுங்கும், அதனால் சில வாரத்தில் உள்ளே இடம் கூடியதுபோல இருக்கும். என் ஷூ முதல் இரண்டு வாரம் சாயங்காலமானால் சுண்டுவிரலைக் கடித்தது, அப்புறம் நின்றுவிட்டது. இதை எழுதலாம். "முதலில் டைட்டா இருக்கும், போட்டா சரியாகிடும்" என்று பொதுவாக எழுதக் கூடாது. விரல் நுனி முட்டுகிற ஷூ எத்தனை மாதம் போட்டாலும் சரியாகாது. எந்த இடத்தில் இறுக்கம், எத்தனை நாளில் போனது என்று சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம். போட்ட காலுறை மெல்லியதா தடிப்பா என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர் தன் பாத அளவைத் தராவிட்டால் திருப்பிக் கேளுங்கள். "8 போடுவேன்" என்பது அளவு அல்ல என்று மேலேயே பார்த்தோம். நகம் கறுத்தவரிடம் பிறகு நான் கேட்டபோது, அவர் பாதம் 272 மி.மீ. என்று தெரிந்தது. 276-இல் 272 போனால் மிச்சம் 4 மி.மீ. முன்பே கேட்டிருந்தால், இந்த 8 வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

சரி, அகலமான கால்காரர் கேட்டால்? இது கொஞ்சம் சிக்கலானது. வேறொருவர் என்னிடம் "நீளம் 263, அகலம் 108, 8 எடுக்கவா 8.5 எடுக்கவா" என்று கேட்டிருந்தார். நீளத்தைப் பார்த்தால் 8 போதும், 13 மி.மீ. மிச்சம் இருக்கும். ஆனால் 102 மி.மீ. அகலமுள்ள என் காலையே இரண்டு வாரம் கடித்த ஷூ இது. அவருடையது இன்னும் 6 மி.மீ. அகலம். "அரை சைஸ் கூட எடுங்க" என்பது வழக்கமான யோசனை. அரை எண் கூடினால் நீளத்தில் சுமார் 4 மி.மீ. கூடும், பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு சுமார் 3 மி.மீ. மட்டும் கூடும், அகலமாகப் பார்த்தால் அதிலும் ஒரு பகுதிதான். அகலத்துக்காக எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்க ஆரம்பிக்கும், ஷூ மடங்குகிற இடமும் பாதம் மடங்குகிற இடமும் விலகிப்போகும். அதனால் "நீளத்துக்கு 8 போதும், அகலத்துக்கு 8-ம் சரி வராது 8.5-ம் சரி வராது என்று நினைக்கிறேன், இதே மாடலில் அகலப் பதிப்பு இருந்தால் அதைப் பாருங்கள்" என்று எழுதினேன். விற்கிறவருக்குப் பிடிக்காத பதில்தான். கேட்டவர் என்னிடம் கேட்டது விற்றுக்கொடுக்க அல்லவே.

உழைப்பு: வருஷத்தைக் கிலோமீட்டராக மாற்றுங்கள்

"ஒரு வருஷம் உழைக்குமா" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் போடுகிறவருக்கு மூன்று வருஷமும் வரும், தினமும் மணிக்கணக்கில் நடந்து பொருள் கொண்டு கொடுக்கிறவருக்கு நான்கு மாதமும் வராது. ஆகவே உங்கள் பயன்பாட்டைத் தூரமாக மாற்றுங்கள்.

என் கணக்கு இது. வாங்கி 14 மாதம், அதாவது ஏறக்குறைய 60 வாரம். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 4 கி.மீ. பெருக்கினால் 1,200 கி.மீ. இதில் காய்ச்சலில் படுத்தது, ஊருக்குப் போனது, மழைக்குப் பயந்து போகாதது எல்லாம் கழித்தால் 1,000 கி.மீ. பக்கம் வரும். போனில் வரும் அடிக்கணக்கை அப்படியே எடுத்துவிடாதீர்கள், அதில் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்ததும் செருப்போடு கடைக்குப் போனதும் சேர்ந்திருக்கும். துல்லியம் தேவையில்லை, 1,000-மா 300-ஆ என்று தெரிந்தால் போதும்.

ஓட்டத்துக்கான ஷூக்களை 500 முதல் 800 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வது வழக்கம். நடையில் பாதத்தில் விழும் அடி ஓட்டத்தைவிடக் குறைவு. நடக்கும்போது ஒரு காலில் விழும் விசை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடும், ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். அதனால் கேட்டவர் ஓடப் போகிறவர் என்றால் உங்கள் 1,000 கி.மீ. அவருக்குப் பொருந்தாது. அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் எடையையும் நடந்த தரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 74 கிலோ, பெரும்பாலும் தார்ச்சாலை என்பது என் விவரம். எடையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடலாம், தரையை விடாதீர்கள்.

அடுத்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள். "தேஞ்சுபோச்சு" என்று ஒரே வார்த்தையில் எழுதுவதைவிட, எந்தப் பாகம், எந்த மாதத்தில் என்று எழுதினால் கேட்டவர் தானே முடிவு செய்துகொள்வார். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் அடியில் தரையைத் தொடும் ரப்பர். பெரும்பாலோருக்குக் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தேயும், பாதம் முதலில் தரையில் படுவது அங்கேதான். இது ஷூவின் குறை அல்ல. ஆனால் சில ஷூக்களில் அடியில் முழுக்க ரப்பர் இருக்காது, தேய்மானம் அதிகமுள்ள இடங்களில் மட்டும் ரப்பர் துண்டுகள் ஒட்டி, மீதி இடத்தில் நுரையே தரையைத் தொடும். அந்த நுரை வேகமாக உரியும். உங்களுடையது எந்த வகை என்று சொல்வது கேட்டவருக்குப் பெரிய உதவி, படங்களில் அடிப்பக்கத்தைக் காட்டாத விற்பனையாளர்கள் நிறைய. என் ஷூவில் ஒன்பதாவது மாதம் வலது குதிகாலின் வெளி ஓரத்தில் இரண்டு செ.மீ. தூரத்துக்குக் கோடுகள் மழுங்கிப்போயின.

இரண்டாவது ஒட்டு. மேல்துணியும் சோலும் சேருகிற கோட்டில், முன்பாதம் மடங்குகிற இடத்தில், கட்டைவிரல் நகத்தை விட்டுப் பாருங்கள். நகம் உள்ளே போனால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குப் பதினோராவது மாதம் இடது ஷூவில் ஒன்றரை செ.மீ. விட்டது, ஷூ பசை போட்டு ஒட்டினேன், இன்றுவரை நிற்கிறது. இங்கே நேர்மை இரண்டு பக்கமும் வேண்டும். நனைந்த ஷூவை வெயிலிலோ சூட்டுக்குப் பக்கத்திலோ காய வைத்திருந்தால் அதுவும் பசையைத் தளர்த்தும், அதை மறைத்துவிட்டு "ஒட்டே சரியில்லை" என்று எழுதக் கூடாது. நான் இரண்டு முறை மழையில் முழுக்க நனைத்திருக்கிறேன். இரண்டு முறையும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழேதான் காய வைத்தேன்.

மூன்றாவதுதான் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதது: நடுவில் இருக்கிற நுரை. பெரும்பாலான நடை ஷூக்களில் இது ஈ.வி.ஏ. என்கிற லேசான நுரை, உள்ளே முழுக்கக் காற்று அடைத்த நுண்ணிய அறைகள். ஆயிரக்கணக்கான முறை நசுங்கியதும் அவை பழையபடி எழும்பாது. மேலே துணி புதிதுபோல இருக்கும், அடியில் ரப்பரும் இருக்கும், ஆனால் மெத்தை போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, பக்கவாட்டில் நுரையில் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் விழுந்து, ஷூவைக் கழற்றிய பிறகும் அவை மறையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். இன்சோலை எடுத்துவிட்டுக் குதிகால் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பிறகு அதிகம் மிதிபடாத வேறொரு இடத்தை அழுத்துங்கள். குதிகால் இடம் மட்டும் கட்டையாக இருந்தால் நுரை அமுங்கிவிட்டது. கடைசியாக இரண்டையும் மேசைமேல் வைத்துக் கண்மட்டத்தில் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அந்தப் பக்கம் நுரை தட்டையாகிவிட்டது என்று பொருள். என் ஷூவில் பத்தாவது மாதம்போல, நடந்து வந்ததும் குதிகாலில் ஒரு வலி தெரிய ஆரம்பித்தது. அதுவரை நான் "புதுசு மாதிரியே இருக்கு" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காவது, குதிகாலின் உள்துணி. இது கிழிந்தால் உள்ளே இருக்கிற கெட்டி அட்டை காலைச் சுரண்டும். ஆனால் லேஸை அவிழ்க்காமலே காலைத் திணித்துப் போடுகிறவர்கள் இதைத் தாங்களே கிழிக்கிறார்கள். என் வலது ஷூவில் கிழிந்திருக்கிறது. நான் லேஸ் அவிழ்ப்பதில்லை.

இடையில் ஒன்று. "தள்ளுபடியில் ரெண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பெட்டியில் வைக்கலாமா" என்று சிலர் கேட்பார்கள். நடு நுரை பாலியூரிதேனாக இருந்தால் ஜாக்கிரதை. காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்ல உடைக்கும், போடாமல் சில வருடம் பெட்டியில் கிடந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தால் அடி பொலபொலவென்று உதிரும். ஈ.வி.ஏ. அப்படி உதிராது. எந்த நுரை என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

எழுதும்போது

இத்தனையும் அளந்துவிட்டு அத்தனையையும் கொட்டிவிட வேண்டாம். கேட்டவர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில். நிறம் படத்தில் இருப்பதைவிட மங்கலாக இருந்தது, பெட்டி நசுங்கி வந்தது என்பதெல்லாம் வேறு இடத்துக்கு. முடிவை முதலில் சொல்லுங்கள், ஆதாரத்தை அப்புறம். அந்தப் பழைய கேள்விக்கு இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"உங்கள் பெரிய பாதம் 266 மி.மீ.க்குள் என்றால் 8 சரியாக இருக்கும். அதற்கு மேல் என்றால் 8.5 பாருங்கள். என் வலது பாதம் 265 மி.மீ., யூ.கே. 8, மெல்லிய காலுறையோடு விரலுக்கு முன்னால் 11 மி.மீ. இடம் இருக்கிறது. என் பாத அகலம் 102 மி.மீ., முதல் இரண்டு வாரம் சுண்டுவிரல் பக்கம் கடித்தது, பிறகு சரியானது. இதைவிட அகலமான கால் என்றால் யோசியுங்கள். உழைப்பு: 14 மாதம், தார்ச்சாலையில் சுமார் 1,000 கி.மீ. நடந்திருக்கிறேன், எடை 74 கிலோ. 9 மாதத்தில் குதிகால் ஓரம் தேய்ந்தது, 10 மாதத்தில் மெத்தை குறைந்தது தெரிந்தது, 11 மாதத்தில் இடது முன்பக்கம் ஒட்டு கொஞ்சம் விட்டது, ஒட்டிக்கொண்டேன். மேல்துணி எங்கேயும் கிழியவில்லை. வாரம் 20 கி.மீ. நடப்பவருக்கு 10 மாதம் நன்றாக வரும், ஒரு வருஷம் இழுக்கலாம். ஓடப் பயன்படுத்தியதில்லை. நான் பார்த்தது ஒரே ஜோடிதான்."

266 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 276-இலிருந்து 10-ஐக் கழித்தது. அந்தக் கடைசி வரியும் பணிவுக்காகச் சேர்த்தது அல்ல. ஒரே மாடலில் ஒரு ஜோடி ஒட்டு விடாமல் இரண்டு வருஷம் இருக்கும், இன்னொன்று இரண்டாவது மாதமே வாயைப் பிளக்கும். உங்களுக்குக் கிடைத்தது எது என்று உங்களுக்கே தெரியாது. "இந்த ஷூ ஒட்டு விடும்" என்று எழுதுவதைவிட "என் ஜோடியில் ஒட்டு விட்டது" என்று எழுதுவதே சரி. பலரும் அப்படித் தனித்தனியாக எழுதினால் படிக்கிறவருக்கு உண்மை தானாகத் தெரியும்.

சில சொற்களைப் பார்த்தவுடன் எடுத்துவிடுங்கள்: "சூப்பர்", "வேற லெவல்", "காசுக்கு ஏத்த மாதிரி". கடைசியில் சொன்னது நல்லதா கெட்டதா என்றே தெரியாது. ஆர்டர் எண், போன் எண் எதையும் போடாதீர்கள். ஷூவை யாராவது இலவசமாகக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் அதை முதல் வரியில் சொல்லுங்கள்.

பதில் போட்ட பிறகு

மூன்றாவது மாதத்தில் எழுதிய பதில் ஒன்பதாவது மாதத்தில் பொய்யாகிவிடலாம். பதிலைத் திருத்த வசதி இருந்தால் பழையதை அழிக்காமல் கீழே மாதத்தோடு ஒரு வரி சேருங்கள். எது எப்போது போனது என்ற வரிசை அப்போதுதான் நிற்கும். திருத்த முடியாத இடங்களில் அதே கேள்விக்கு இரண்டாவது பதிலாகப் போடலாம்.

நகம் கறுத்தவருக்கு மன்னிப்புக் கேட்டு, என் பாத அளவையும் இன்சோல் அளவையும் எழுதினேன். அவர் மாற்றுகிற காலம் தாண்டிவிட்டது, அந்த ஷூவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த தடவை 9 எடுத்துவிட்டு, இன்சோலைக் கழற்றி அளந்து, "285, 13 மி.மீ. மிச்சம்" என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு பதில் போட்டிருந்தார். 9 பற்றி அங்கே இருந்த ஒரே அளவு அதுதான்.